தீனிப் பெட்டிக்கு எழுதும் நாலு வரி

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் தீனிப் பெட்டி அனுப்புகிறவர்கள், விளம்பரப் படத்துக்குக் கீழே 'அம்மா கைமணம் கடல் கடந்து' என்று எழுதிவிடுகிறார்கள். பணம் கட்டும் பெற்றோருக்கு அது போதாது. உள்ளே என்ன இருக்கிறது, எப்போது போய்ச் சேரும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

திருச்சியிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் ஒரு பெட்டிக்கு நான் இப்படி எழுதுவேன்:

"10ஆம் தேதி கிளம்பும்; 17 முதல் 24ஆம் தேதிக்குள் ஜெர்மனியில் சேரும். மணப்பாறை முறுக்கு 300 கிராம், தட்டை 250 கிராம், கோவில்பட்டி கடலைமிட்டாய் 250 கிராம், பருப்புப் பொடி 200 கிராம். 8ஆம் தேதி பொரித்தது, 30 நாளுக்குள் சாப்பிடவும். வேர்க்கடலை, எள், கோதுமை உண்டு. பால் பொருள் இல்லை. ஆர்டர் 5ஆம் தேதியோடு முடியும். அங்கே கட்ட வேண்டிய வரி எங்கள் பொறுப்பு."

சேரும் நாளை ஒரே தேதியாகச் சொல்லக் கூடாது. சுங்கச் சோதனையில் பெட்டி எத்தனை நாள் நிற்கும் என்று கூரியர்காரருக்கே தெரியாது. '7 நாளில்' என்றால் ஆர்டர் போட்ட நாளிலிருந்தா, கிளம்பிய நாளிலிருந்தா என்ற தகராறு வரும். தேதியாக எழுதிவிட்டால் அது வராது. பொரித்த தேதியும் இதோடு சேர்ந்ததுதான். 24ஆம் தேதி கைக்கு வந்தால் 30 நாளில் பாதிக்கு மேல் வழியிலேயே போயிருக்கும். மிச்சமிருப்பது இரண்டு வாரம். அதற்கு மேல் எண்ணெய் காறிவிடும்.

அரிசி முறுக்கில் கோதுமை எங்கே வந்தது? கடையில் விற்கும் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். விடுதியில் ஒரு பொட்டலத்தை நாலு பேர் பகிர்ந்து தின்பார்கள். அதில் ஒருவருக்குக் கோதுமையோ வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அந்த வரியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

'பால் பொருள் இல்லை' என்பதற்குக் காரணம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தபாலில் பால் பொருள் அனுப்பத் தடை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஆசைப்பட்டு வைத்தால் பெட்டி சுங்கத்திலேயே மாட்டிக்கொள்ளும். தட்டைக்கும் வெண்ணெய்க்குப் பதில் சூடான எண்ணெய்தான் பிசைய வேண்டும். வரி விஷயத்திலும் தெளிவு வேண்டும். 2021 ஜூலை முதல் அங்கே விலைக்கு வாங்கி வரவழைக்கும் சின்னப் பொட்டலத்துக்கும் வரி உண்டு. அதை யார் கட்டுவது என்று எழுதாவிட்டால் கூரியர்காரர் மாணவரிடம்தான் கேட்பார்.

முகவரி வாங்கும்போது, அழைப்புமணியில் எந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது என்று கேட்டு அதையே பெட்டியில் எழுதுங்கள். ஜெர்மனியில் அந்தப் பெயர் இல்லையென்றால் பெட்டி திரும்பிவிடும்.