உப்பின் விலையும் தாங்கக்கூடிய விற்பனைச் சரிவும்

உப்பின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் மக்கள் அதை வாங்கியே தீருவர் என்பது பொருளியல் பாடநூல்கள் காட்டும் பழைய உதாரணமாகும். கேள்வியின் விலை நெகிழ்ச்சி, அதாவது விலை ஒரு சதவீதம் ஏறும்போது விற்பனை எத்தனை சதவீதம் குறைகிறது என்னும் அளவு, உப்பைப் பொறுத்தவரை மிகக் குறைவு. 2025ஆம் ஆண்டில் எதிர்பாராத மழையால் புத்தளம் உள்ளிட்ட பிரதேசங்களின் உப்பு விளைச்சல் பாதிக்கப்பட்டு விலை கடுமையாக ஏறியபோதும், மக்கள் உப்பு வாங்குவதைக் கைவிடவில்லை. ஆயினும் இதை நம்பிப் பாலாவியில் உப்பைப் பொதியிட்டு விற்கும் ஒருவர் தமது விலையை உயர்த்துவாராயின் அவர் ஏமாறக்கூடும். பாடநூல் கூறுவது உப்பு என்னும் பண்டத்தைப் பற்றியே அன்றி, அவருடைய பொதியைப் பற்றி அன்று. கடைத் தட்டில் அதன் பக்கத்திலேயே வேறொருவரின் பொதியும் இருக்கிறது.

தமது பொதியின் நெகிழ்ச்சியைச் சிறு வியாபாரி எவரும் துல்லியமாக அறிய முடியாது. எனவே கேள்வியைத் திருப்பிப் போடுவதே பயன் தரும்: எவ்வளவு விற்பனை குறைந்தால் விலையேற்றம் வீணாகும்?

விளக்கத்திற்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பொதியின் விலை 100 ரூபா. உப்பு, உறை, கூலி, போக்குவரத்து என ஒவ்வொரு பொதிக்கும் ஏற்படும் செலவு 70 ரூபா. மிஞ்சுவது 30 ரூபா. மாதத்திற்கு 5,000 பொதிகள் விற்றால் 150,000 ரூபா மிஞ்சும். அதிலிருந்து வாடகை, சம்பளம், கடன் தவணை போன்ற நிலையான செலவு 120,000 ரூபாவைக் கழித்தால் இலாபம் 30,000 ரூபா.

விலை 110 ரூபாவானால் பொதிக்கு 40 ரூபா மிஞ்சும். பழைய 150,000 ரூபாவைப் பெற 3,750 பொதிகள் போதும். ஆகவே விற்பனை 25 சதவீதம் குறையும்வரை பழைய இலாபத்திற்குக் குறைவில்லை. இதுவே முதல் எல்லை. நிலையான செலவை மட்டும் ஈடுசெய்ய 3,000 பொதிகள் வேண்டும். 40 சதவீதச் சரிவான இதுவே இரண்டாவது எல்லை. அதற்குக் கீழே நட்டம்தான்.

இலாப விகிதம் சிறிதாக இருக்கும் தொழிலே கூடுதலான சரிவைத் தாங்கும் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். கல்பிட்டியில் சுற்றுலாப் படகு விடுபவருக்கு 100 ரூபா கட்டணத்தில் 70 ரூபா மிஞ்சுவதாகக் கொண்டால், அதே பத்து ரூபா உயர்வில் அவர் தாங்கக்கூடியது 12.5 சதவீதச் சரிவு மட்டுமே. இழக்கும் ஒவ்வொரு பயணியோடும் அவர் இழப்பது பெரிய தொகை.

விலையேற்றத்திற்குச் செலவேற்றம் காரணமாயின் ஒப்பீடும் மாற வேண்டும். உப்பு வியாபாரியின் செலவு பொதிக்கு 76 ரூபாவாகிவிட்டது எனக் கொள்வோம். விலையை உயர்த்தாவிட்டால் பொதிக்கு 24 ரூபா மிஞ்சும். 5,000 பொதிகளும் நிலையான செலவுக்கே சரியாகப் போய், இலாபம் பூச்சியமாகும். உயர்த்தினால் பொதிக்கு 34 ரூபா மிஞ்சும். சுமார் 3,530 பொதிகள் விற்றாலே அந்நிலையை எட்டலாம். ஆக, சரிவு 29 சதவீதத்தைத் தாண்டாதவரை உயர்த்துவதே மேல். பழைய இலாபம் கிடைக்காது என்பதற்காக உயர்த்தாமல் இருப்பது தவறான கணக்காகும்.

சரிவு அந்த எல்லையைத் தாண்டுமா என்பதை மதிப்பிட, செலவேற்றம் யாரைத் தாக்கியது என்று பார்க்க வேண்டும். மழை எல்லா உப்பளங்களையும் தாக்கினால் போட்டியாளரும் விலையை ஏற்றுவர், சரிவு சிறிதாகும். தமது வாடகை மட்டும் ஏறியிருந்தால் அவ்வாறு எதிர்பார்க்க முடியாது. வாங்குபவரும் ஒரே வகையினர் அல்லர். வீட்டுக்கு ஒரு பொதி வாங்குபவர் பத்து ரூபாவைப் பொருட்படுத்தாமல் விடலாம். கருவாடு போடுவதற்கு மூட்டைக் கணக்கில் வாங்குபவருக்கோ உப்பு தொழிற்செலவின் ஒரு பகுதி. அவர் மறுநாளே வேறிடம் விசாரிப்பார். இவ்விரு விலைகளையும் வெவ்வேறாகவே தீர்மானித்தல் நன்று.

முதல் மாத விற்பனையைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. விலையேறும் எனக் கேள்விப்பட்ட கடைக்காரர் முன்கூட்டியே வாங்கிக் குவித்திருப்பார். அதனால் சரிவு மெய்யானதைவிடப் பெரிதாகத் தோன்றும். மறுபுறம், வேறு பொதிக்கு மாறுவோர் சில மாதங்கள் கழித்தே மாறுவதும் உண்டு. 2025இல் நடந்ததுபோல இறக்குமதி உப்பு சந்தைக்கு வந்தால் கணக்கே மாறிவிடும். ஆதலால் முதலில் ஒரு வழித்தடத்துக் கடைகளில் மட்டும் புதிய விலையை அறிவித்து, அக்கடைகள் மீண்டும் கேட்கும் அளவை ஏனைய கடைகளுடன் மூன்று மாதங்களுக்கு ஒப்பிடுவதே தக்க வழி. இரண்டாவது எல்லையை நெருங்கினால் எதைக் குறைப்பது என்பதையும் விலையை அறிவிக்கும் முன்னரே முடிவு செய்திருத்தல் வேண்டும் என்பது நமது கருத்தாகும்.