ஜனவரி 26: பள்ளிக் கூட்டத்தில் என்ன சொல்வது?

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஆண்டுதோறும் ஜனவரி மாதம் பிறந்ததும் ஒரு கேள்வி எழுவதுண்டு. குடியரசு நாளன்று காலைக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசும்படி பள்ளியில் பிள்ளைக்குச் சொல்லியிருப்பார்கள். என்ன பேசுவது என்று பிள்ளை பெற்றோரை நாடும். இத்தகைய பேச்சுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறிவிடுகின்றன. ‘இன்று நாம் சுதந்திரம் பெற்ற நாள்’ என்று ஒரு பிள்ளை தொடங்கும். ‘இன்று நம் அரசியலமைப்பு எழுதப்பட்ட நாள்’ என்று மற்றொன்று கூறும். இரண்டும் பிழை. ஆகவே அந்த நாள் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் நாம் தெளிவு செய்துகொள்வோம்.

1947 ஆகஸ்டு 15ஆம் தேதி பிரிட்டிஷ் ஆட்சி அகன்றது. ஆனால் அன்று நாம் குடியரசு ஆகிவிடவில்லை. பிரிட்டிஷ் பாராளுமன்றம் நிறைவேற்றிய இந்திய சுதந்திரச் சட்டத்தின்படி நாம் ஒரு ‘டொமினியன்’ ஆனோம். அதாவது ஆட்சி நம் கைக்கு வந்தது. நாட்டின் தலைமை மட்டும் ஆறாம் ஜார்ஜ் மன்னரிடமே இருந்தது. அவர் பெயரால் கவர்னர் ஜெனரல் ஒருவர் தில்லியில் வீற்றிருந்தார். முதலில் மௌண்ட்பேட்டன் பிரபு; 1948 ஜூன் முதல் தமிழ்நாட்டவரான ராஜாஜி. அரசாங்கம் நடந்ததோ, வெள்ளையர் காலத்து 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் சில திருத்தங்களைச் செய்துகொண்டுதான்.

அச்சட்டத்துக்குப் பதிலாக நமக்கென ஓர் அரசியலமைப்பை வகுக்கும் பணியை, 1946 டிசம்பர் 9ஆம் தேதி கூடத் தொடங்கிய அரசியல் நிர்ணய சபை செய்துவந்தது. 1949 நவம்பர் 26ஆம் தேதி சபை அதை நிறைவேற்றி ஏற்றுக்கொண்டது. குடியுரிமை, தேர்தல் ஆணையம் முதலியவை பற்றிய சில ஷரத்துகள் அன்றே நடைமுறைக்கு வந்தன. எஞ்சியவை 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வரும் என்று அரசியலமைப்பின் 394ஆவது ஷரத்து தேதி குறித்தே சொல்கிறது.

நவம்பரிலேயே முடிந்த வேலைக்கு இரண்டு மாதம் காத்திருப்பானேன்? இங்கேதான் நம் பேச்சின் உயிர் இருக்கிறது. விடை இருபது ஆண்டுகளுக்கு முன்னே கிடக்கிறது. 1928ஆம் ஆண்டுக் கல்கத்தா காங்கிரஸ், டொமினியன் அந்தஸ்தாவது ஓராண்டுக்குள் தரப்பட வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு கடந்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. 1929 டிசம்பர் 31 நள்ளிரவில், லாகூரில், ஜவஹர்லால் நேருவின் தலைமையில், இனி நம் குறிக்கோள் பூரண சுயராஜ்யமே என்ற தீர்மானம் நிறைவேறியது. ராவி நதிக்கரையில் மூவர்ணக் கொடி ஏறியது. அத்தீர்மானத்தை மக்கள் தம் வாயாலேயே உறுதிமொழியாகச் சொல்லுவதற்கு ஒரு நாள் வேண்டியிருந்தது. அடுத்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது. அது 1930 ஜனவரி 26. அன்று ஊர்தோறும் கூட்டங்கள் கூடின. அவரவர் தாய்மொழியில் உறுதிமொழி படிக்கப்பட்டது. அதன்பின் ஆண்டுதோறும் அந்த நாளே சுதந்திர தினமாகக் கொண்டாடப்பட்டு வந்தது.

பின்னர் சுதந்திரம் வந்ததோ ஆகஸ்டு 15இல். அது மௌண்ட்பேட்டன் தேர்ந்த தேதி. ஜனவரி 26 மக்கள் தமக்குத் தாமே குறித்துக்கொண்ட தேதி. அதை மறக்கவிடாமல், குடியரசு பிறக்கும் நாளாக ஆக்கியதே அந்த இரண்டு மாதக் காத்திருப்பின் பொருள்.

இனி, பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூன்று நிமிடத்துக்குள் பேசக்கூடிய ஒரு சிறு பேச்சை இங்கே தருகிறோம்.

“மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, தோழர்களே, வணக்கம். நமக்குச் சுதந்திர தினம் ஒன்று இருக்கும்போது குடியரசு நாள் என்று இன்னொன்று எதற்கு? 1947 ஆகஸ்டு 15இல் நாம் விடுதலை பெற்றோம். ஆனால் அதன் பிறகும் இரண்டரை ஆண்டுகள் நம் நாட்டின் தலைவராக இருந்தவர் இங்கிலாந்து மன்னர். அவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் தம் தந்தையின் மகன் என்பதாலும், தமையன் முடி துறந்ததாலும் அரசரானவர். 1950 ஜனவரி 26 காலையில் அந்த நிலை முடிந்தது. தில்லி அரசாங்க மாளிகையில், கடைசிக் கவர்னர் ஜெனரலான ராஜாஜி, இந்தியா குடியரசு ஆகிவிட்டது என்ற பிரகடனத்தைப் படித்தார். உடனே ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். அன்று முதல் நம் நாட்டின் தலைவர் பிறப்பால் வருபவர் அல்லர், தேர்தலால் வருபவர். ஏன் இந்தத் தேதி? 1930இல் இதே ஜனவரி 26 அன்று நம் முன்னோர் முழு விடுதலையே வேண்டும் என்று உறுதிமொழி எடுத்தார்கள். அன்று அவர்கள் கையில் ஆட்சி இல்லை, சட்டம் இல்லை. சொல் ஒன்றுதான் இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அந்தச் சொல் சட்டமானது. அதையே இன்று நாம் நினைவுகூர்கிறோம். வணக்கம்.”

பேச்சில் இரண்டே செய்திகள் இருப்பதைக் கவனிக்கலாம்: எது முடிந்தது, ஏன் அந்தத் தேதி. அணிவகுப்பும் ஷரத்துகளின் எண்ணிக்கையும் சேர்ந்தால் மூன்று நிமிடம் போதாது. கேட்பவர் மனத்திலும் ஒன்றும் தங்காது.

இப்பேச்சை உள்ளூர் மொழியில் ஆக்கும்போது ஒரு சொல்லில் விழிப்பு வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதை அடிக்கடி காண்கிறோம். நம் ‘குடியரசு’ இந்தியில் ‘கணதந்திரம்’, மராத்தியில் ‘பிரஜாசத்தாக்’, வங்காளியில் ‘பிரஜாதந்திரம்’. ஆனால் அதே ‘பிரஜாதந்திரம்’ இந்தியில் மக்களாட்சியைக் குறிக்கும். கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்த குடும்பத்துப் பிள்ளை பழைய சொல்லையே எடுத்தாண்டால், பேச்சின் பொருளே திரிந்துபோகும். மக்களாட்சி வேறு, குடியரசு வேறு. இங்கிலாந்தில் மக்களாட்சி நடக்கிறது; ஆயினும் அரச பரம்பரை இருப்பதால் அது குடியரசு அன்று.

பிள்ளை பேச்சை மனப்பாடம் செய்துவிட்டதா, பொருளை உணர்ந்துகொண்டதா என்று அறிய எளிய வழி உண்டு. ‘1949ஆம் ஆண்டில் இந்தியாவின் தலைவர் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ராஜேந்திர பிரசாத்’ என்றோ ‘நேரு’ என்றோ பதில் வந்தால், மேலே சொன்ன டொமினியன் கதையை இன்னொரு முறை விளக்க வேண்டும். ‘ஆறாம் ஜார்ஜ் மன்னர், அவருக்காக இங்கே இருந்தவர் ராஜாஜி’ என்று வந்தால், பிள்ளையைத் துணிந்து மேடைக்கு அனுப்பலாம்.