சுழலும் சக்கரத்தின் அசையாத புள்ளி

கல்லாறிலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஏறும் பாதையில், சில இடங்களில் 12 அடி போனால் ஒரு அடி உயரம். 1899இல் குன்னூர் வரை வந்த இந்தப் பாதையில், இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன. எஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றைக் கவ்வி ஏறும்.

சாதாரணச் சக்கரம் ஏன் போதாது? உருளும் சக்கரத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு இயக்கங்கள் உண்டு. முழுச் சக்கரமும் மையத்தின் வேகத்தில் முன்னே போகிறது. விளிம்பு மையத்தைச் சுற்றுகிறது. தண்டவாளத்தைத் தொடும் இடத்தில் சுழற்சியின் திசை பின்னோக்கி இருக்கும். இரண்டும் சமமானால் அந்தப் புள்ளியின் வேகம் அந்தக் கணத்தில் பூஜ்யம். நழுவாமல் உருளுதல் என்பது இதுதான். மைய வேகம் v, கோண வேகம் ω, ஆரம் R என்றால் v = ωR. உச்சிப் புள்ளிக்கோ இரண்டும் கூடி 2v.

நின்றுபோன அந்தப் புள்ளியில் செயல்படுவது ஓய்வுநிலை உராய்வு. அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. ஏற்றத்தில் எஞ்சின் தன்னோடு பெட்டிகளையும் பின்னிருந்து தள்ள வேண்டும். பனியில் நனைந்த தண்டவாளத்தில் தேவையான விசை வரம்பைத் தாண்டிவிடும். அப்போது ωR, v-ஐவிடப் பெரிதாகிறது. சக்கரம் நின்ற இடத்திலேயே வேகமாகச் சுற்றும், நீராவியின் சத்தம் திடீரென அடுக்கடுக்காகும். நழுவத் தொடங்கியதும் பிடிப்பு மேலும் குறைவதால் தானாக மீள்வது கடினம். பற்களில் அந்தச் சிக்கலே இல்லை. பல்லோடு பல் பொருந்தும் இடம் நழுவ முடியாது.

மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. தண்டவாளச் சக்கரங்களுக்கு ஒரு ஜோடி சிலிண்டர், பற்சக்கரங்களுக்கு இன்னொரு ஜோடி. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்திருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆரம் 40 சென்டிமீட்டர், வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்று கொள்வோம். கோண வேகம் நொடிக்கு 7.5 ரேடியன், சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 1.2 சுற்று சுற்றும். ஓடி ஓடித் தேய்ந்து ஆரம் 39 சென்டிமீட்டராகிவிட்டால், அதே 7.5 ரேடியனில் விளிம்பு வேகம் 2.925 மீட்டர்தான். பற்சக்கரமோ எஞ்சினை 3 மீட்டரில் இழுத்துப் போகும். மீதி 7.5 சென்டிமீட்டரை ஒவ்வொரு நொடியும் சக்கரம் தண்டவாளத்தில் தேய்த்தே கழிக்க வேண்டும். அந்தத் தேய்வு ஆரத்தை இன்னும் குறைக்கும்.

தனித்தனி சிலிண்டர் இருப்பதால் தேய்ந்த சக்கரம் தனக்கு வேண்டிய 7.69 ரேடியனில் சுற்றிக்கொள்ளலாம். பற்பாதை குன்னூரில் முடிகிறது. அங்கிருந்து ஊட்டி வரை ஏற்றம் குறைவு. உராய்வை மட்டுமே நம்பி டீசல் எஞ்சின் பெட்டிகளைக் கொண்டு போகிறது.