லாசிக்ஸ் வரியில் என்ன எழுதுவது?

பார்மகாலஜி புத்தகத்தில் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகள் என்ற அத்தியாயத்தை ஒரே தாளில் அட்டவணையாகச் சுருக்கி எடுத்துவந்தாள் என் மாணவி ஒருத்தி. பென்சிலில் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். ஆனால் பக்கவிளைவு என்ற கட்டத்தில் நான்கு மருந்து வகைகளுக்கும் குமட்டல், வாந்தி, தலைவலி, தலைசுற்றல் என்றே இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் 'நோயாளியைக் கண்காணிக்கவும்'. மருந்தின் பெயரை மறைத்துவிட்டு, இது எந்த வரி என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் மேல் தப்பில்லை. புத்தகம் பக்கவிளைவுகளை நீளமாக அடுக்குகிறது. எதை விடுவது என்று அது சொல்வதில்லை. அதனால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து, லூப் வகை என்ற ஒரே ஒரு வரியை மட்டும் புதிதாக எழுதினோம். வார்டில் எல்லோரும் லாசிக்ஸ் என்று சொல்லும் ஃப்யூரோசிமைடு இந்த வகைதான்.

பெயருக்கு அடுத்த கட்டத்தில் பக்கவிளைவு வரக்கூடாது, மருந்து வேலை செய்யும் விதம் வர வேண்டும். அதுவும் ஒரே வாக்கியம்: சிறுநீரகத்தின் ஹென்லே வளைவில் உப்பு திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, உப்போடு சேர்ந்து தண்ணீரும் பொட்டாசியமும் வெளியேறுகின்றன. இதை எழுதியதும் அடுத்த கட்டம் தானாக நிரம்பத் தொடங்கியது. தண்ணீர் போனால் ரத்த அழுத்தம் இறங்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும். பொட்டாசியம் போனால் தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். காது இரைச்சலை மட்டும் இந்த வழியில் ஊகிக்க முடியாது. அதைத் தனியாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதினோம். குமட்டலும் தலைவலியும் தாளின் அடியில், எல்லா வகைக்கும் பொதுவாக, ஒரே ஒரு தடவை.

செவிலியர் கவனிக்க வேண்டியவை என்ற கடைசிக் கட்டத்தில்தான் அதிக நேரம் ஆனது. அதில் வரும் ஒவ்வொன்றும் ஒரு பக்கவிளைவுக்குப் பதிலாக இருக்க வேண்டும், கையால் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 'கண்காணிக்கவும்' போய், 'தினமும் காலையில் அதே தராசில், சாப்பாட்டுக்கு முன் எடை பார்' என்று வந்தது. மாத்திரையின் வேலை ஆறு முதல் எட்டு மணி நேரம் நீடிக்கும். அதனால் காலையில் கொடு, ராத்திரியில் கொடுத்தால் நோயாளி தூக்கம் கெட்டுக் கழிப்பறைக்கு நடப்பார், விழுவார். நரம்பில் போடும்போது 40 மில்லிகிராமை ஒன்றிரண்டு நிமிடம் எடுத்து மெதுவாகப் போடு, வேகம் கூடினால் காதுக்கு ஆபத்து. பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இறங்கினால் டாக்டருக்குச் சொல்.

மருந்தளவை வகை வரியில் எழுத வேண்டாம் என்றேன். ஒரே வகைக்குள்ளேயே அளவு பெரிதாக மாறும்: ஃப்யூரோசிமைடு 40 மில்லிகிராம் மாத்திரை செய்கிற வேலையை ப்யூமெடனைடு ஒரு மில்லிகிராமே செய்துவிடும். வரியைப் பார்த்து அளவை ஊகித்தால் விபத்துதான்.

அடுத்து, அட்டவணையில் நிஜமாகவே விட்டுப்போகிற ஒன்று. இதயம் பலவீனமான ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். லாசிக்ஸோடு டிகாக்ஸினும் சாப்பிடுகிறார். நாலாம் நாள் காலையில் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறார், விளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். பொட்டாசியம் 3.0. ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினால் துடிப்பு 54. டிகாக்ஸின் இருப்பது வேறு அத்தியாயம், வேறு தாள். ஆனால் இதயத் தசையில் பொட்டாசியமும் டிகாக்ஸினும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. லாசிக்ஸ் பொட்டாசியத்தை வெளியேற்றியதும் டிகாக்ஸின் அந்த இடத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் டிகாக்ஸின் அளவு சரியாக இருந்தாலும் நஞ்சாகலாம். துடிப்பு 60-க்குக் கீழே என்பதால் அன்றைய டிகாக்ஸினை நிறுத்திவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இதற்காக லாசிக்ஸ் வரியிலிருந்து ஓர் அம்புக்குறி போட்டு 'டிகாக்ஸின்' என்று எழுதினோம். ஸ்பைரனோலாக்டோன் வரியில் அம்பைத் தலைகீழாகப் போட்டோம். அது பொட்டாசியத்தைத் தக்கவைக்கிற வகை. லாசிக்ஸ்காரருக்கு வாழைப்பழமும் இளநீரும் சாப்பிடச் சொன்ன அதே வாயால் இவருக்கும் சொல்லிவிடக்கூடாது.

மறுநாள் அவள் மீதி வரிகளையும் திருத்தி எடுத்துவந்தாள். பெயர்க் கட்டத்தைக் கையால் மூடிக்கொண்டு கடைசிக் கட்டத்தை மட்டும் வாசிக்கச் சொன்னேன். தயசைடு வரியில் கொஞ்சம் தயங்கினாள். லூப் வகையைப் போலவே பொட்டாசியம் இறங்கும் என்றிருந்தது, வித்தியாசம் தெரியவில்லை. லூப் வகை கால்சியத்தைச் சிறுநீரில் விட்டுவிடும், தயசைடு அதை உடம்பிலேயே நிறுத்திக்கொள்ளும். அதை மட்டும் சேர்த்து எழுதிவிட்டு, மறுபடியும் மூடினாள்.