மோமோவுக்குள் சாறு எங்கிருந்து வருகிறது?

காத்மாண்டுவின் சந்துகளில் நண்பகலுக்கு முன்பே 'மக்டு' எனப்படும் அலுமினிய அடுக்குப் பாத்திரங்கள் ஆவி விடத் தொடங்கிவிடும். அங்கே பெரும்பாலும் எருமைக்கறி மோமோதான். எருமைக்கறியில் கொழுப்பு குறைவு. அப்படியே வேகவைத்தால் வரட்டிபோல் ஆகிவிடும். ஆனால் நல்ல கடையில் ஒன்றைக் கடித்தால் சூடான சாறு உதட்டில் வழியும். அந்தச் சாறு கறியிலிருந்து தானாக ஊறிவந்தது அல்ல. சமைப்பவர் முன்கூட்டியே உள்ளே வைத்தது.

நம் ஊரில் கோழிக் கொத்துக்கறியை வைத்தே இதைப் பார்க்கலாம். 300 கிராம் கொத்துக்கறியில் முதலில் ஒரு சிறு கரண்டி உப்பை மட்டும் போட்டுப் பிசையுங்கள். உப்பு பட்டதும் கறியிலுள்ள புரதம் கரைந்து பிசுபிசுக்கும்; அந்தப் பசைதான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பிறகு 60 மில்லி குளிர்ந்த தண்ணீரை, எலும்பு வேகவைத்த சாறு இருந்தால் அதை ஆறவைத்து, ஒவ்வொரு கரண்டியாக விட்டு, ஊற்றியது முழுதும் உள்ளே போன பிறகே அடுத்ததை விட வேண்டும். கறி கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வந்ததும் இஞ்சி, பூண்டு, சீரகத்தூள், இரண்டு கரண்டி எண்ணெய் அல்லது உருக்கி ஆறவைத்த நெய். பொடியாக நறுக்கிய வெங்காயமும் மல்லித்தழையும் கடைசியில்தான். முன்பே போட்டால் உப்பு வெங்காயத்தின் நீரை இழுத்துவிடும். பூரணம் சொதசொதவென்றாகி மாவை நனைக்கும். பூரணத்தை அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் இறுகும், மடிக்கச் சுலபம்.

மேல்மாவுக்கு 250 கிராம் மைதா, சுமார் 120 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் விடுங்கள். ஊறாத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். எலுமிச்சையைவிடச் சிறிய 30 உருண்டைகள் வரும்.

தேய்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்பளம்போல் எங்கும் ஒரே கனமாகத் தேய்க்கக் கூடாது. நடுப்பகுதி சற்றுத் தடித்தும் ஓரம் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். காரணம் எளிது. கொசுவம் வைக்கும்போது ஓரம் முழுதும் மேலே ஒரே இடத்தில் மடிப்பு மடிப்பாகக் குவிகிறது. ஓரமும் தடிமனாக இருந்தால் அடிப்பகுதி வெந்து குழைந்த பிறகும் உச்சியில் வேகாத மாவு கட்டியாக நிற்கும். பற்களில் ஒட்டும் அந்த முடிச்சைப் பலரும் தட்டில் ஒதுக்கிவைத்துப் பார்த்திருப்பீர்கள்.

வட்டத்தை இடது உள்ளங்கையில் வைத்து நடுவில் ஒரு சிறு கரண்டி பூரணம் வையுங்கள், 15 கிராம் போதும். இடது கட்டைவிரல் பூரணத்தை உள்ளே அழுத்திக்கொண்டே இருக்கட்டும். வலது கட்டைவிரல் ஓரத்தில் ஓரிடத்திலேயே நிற்க, ஆள்காட்டி விரல் பக்கத்து ஓரத்தைக் கொண்டுவந்து அதன்மேல் மடித்து அழுத்தும். நகர்வது இடது கை. அது வட்டத்தைச் சுழற்றித் தரும். பத்துப் பன்னிரண்டு கொசுவத்தில் வாய் குறுகிவிடும், அதைக் கிள்ளி மூடுங்கள். ஓரத்தில் எண்ணெயோ கறிச்சாறோ பட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. வேகும்போது அந்த இடத்தில்தான் வாய் பிளக்கும், சாறெல்லாம் பாத்திரத்துக்குள் போய்விடும். கொசுவம் அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. ஓட்டை இருந்தால்தான் நஷ்டம்.

வேகவைக்க இட்லிப் பானையே போதும், ஆனால் குழித்தட்டு வேண்டாம். ஓட்டை போட்ட தட்டையான தட்டில் எண்ணெய் தடவி, ஒரு விரல் இடைவெளியில் அடுக்குங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டை இறக்க வேண்டும். மெதுவாகச் சூடேறினால் மாவு ஈரத்தைக் குடித்துத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். மூடியின் உட்பக்கம் துணி கட்டினால் ஆவி நீர் சொட்டாது.

கோழிக்கு 10 முதல் 12 நிமிடம். மாவின் வெள்ளை மாறி மினுமினுப்பு வரும், ஈரவிரலால் தொட்டால் ஒட்டாது. சந்தேகமிருந்தால் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. அதற்கு மேல் ஆவியில் கிடந்தால் கறி இறுகித் தன் நீரைப் பிழிந்து வெளியேற்றும். தோல் தொளதொளத்து, உள்ளே உருண்டை மட்டும் சுருங்கிக் கிடந்தால் வெகுநேரம் வெந்தது என்று அர்த்தம்.

வெளியே எடுத்தாலும் நேரம் காத்திருக்காது. காற்றுப் பட்டதும் தோல் உலர்ந்து விறைக்கத் தொடங்கும். ஆகவே தெருக்கடையில் மணிக்கணக்காகப் பாத்திரத்தில் கிடப்பதை வாங்காதீர்கள். அடுத்த தட்டு வேகும்வரை பத்து நிமிடம் நின்று வாங்குங்கள்.