மூக்கடைத்தால் சைனஸ்தானா?

அமெரிக்காவில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 2004-ல் முடிவு வெளியானது. அவர்களில் 88 சதவீதம் பேரின் அறிகுறிகள் மைக்ரேனோடு பொருந்தின. தொற்று இருந்தவர்களை முதலிலேயே விலக்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் தொற்றே இல்லாத இத்தனை பேர் சைனஸையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வியப்பு.

குழப்பத்துக்குக் காரணம் ஒரு நரம்பு. நெற்றி, கன்னம், மூக்கு, தாடை என முகம் முழுவதன் உணர்வையும் மூளைக்கு எடுத்துச் செல்வது முக்கிளை நரம்பு. மைக்ரேன் கிளம்பும்போது தூண்டப்படுவதும் இதே நரம்புதான். அதனால் வலி கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் கனக்கிறது. அதோடு மூளைத்தண்டிலிருந்து போகும் மறுவினையால் மூக்கின் உள்சவ்வு வீங்குகிறது, நீர் வடிகிறது, கண் கலங்குகிறது. கிருமி எதுவும் இல்லாமலே மூக்கு அடைத்துக்கொள்கிறது.

ஒரு பெண்ணுக்கு மாதம் இரண்டு முறை இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வானம் மூடினால் கன்னம் கனக்கும், மூக்கு அடைக்கும். ஆவி பிடிப்பார், தைலம் தடவுவார். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தும் விடுவார். சாப்பாட்டு வாசனையே குமட்டும். மூன்றாம் நாள் சரியாகிவிடும். இடையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் நல்ல பெயர் அதற்குப் போகும். சிகிச்சையே இல்லாவிட்டாலும் மைக்ரேன் வலி பொதுவாக 4 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும் என்பது யாருக்கும் தோன்றாது. ஸ்கேனில் சவ்வு லேசாகத் தடித்திருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். தலைவலியே இல்லாத பலரிடமும் அந்தத் தடிப்பு தென்படும்!

இந்தப் பெண்ணிடம் மருத்துவர் கேட்க வேண்டியவை மூன்று: வலியின்போது குமட்டுகிறதா? வெளிச்சம் தொல்லை தருகிறதா? கடந்த மூன்று மாதங்களில் ஒரு நாளாவது வேலை முடங்கியதா? இரண்டுக்கு ஆம் என்றால் மைக்ரேனாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஒரு பக்கம் மட்டும்தான் வலிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உண்மையான சைனஸ் தொற்றின் முகம் வேறு. மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் கெட்டியான சளி வரும், வாசனை தெரியாது, சிலருக்குக் காய்ச்சலும் இருக்கும். பெரும்பாலும் சளி பிடித்ததைத் தொடர்ந்தே வரும். மாதாமாதம் வந்து மூன்றே நாளில் மறைவது அதன் இயல்பல்ல.

பெயர் தவறினால் சிகிச்சையும் தவறும். மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரையோ தடுப்பு மருந்தோ இவர்களுக்குக் கிடைப்பதில்லை. கடையில் வாங்கும் கூட்டு வலிமாத்திரையை மாதத்தில் பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கும். ஆனால் காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, திடீரென இதுவரை காணாத வலி வெடித்தாலோ எந்த மாத்திரையையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.