எத்தனை கூட்டம்? கே-மீன்ஸ் பதில் சொல்லாத கேள்வி

டேட்டா சயின்ஸ் நேர்முகத் தேர்வுகளில் கே-மீன்ஸ் அடிக்கடி வரும். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். "K எத்தனை என்று எப்படி முடிவு செய்வீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. "எல்போ முறை" என்று ஒரே மூச்சில் பதில் வரும். தேர்வாளர் அதோடு விடமாட்டார். "அந்தக் கோட்டில் முழங்கையே தெரியவில்லை என்றால்?" என்பார். அங்கே பலரும் திணறுகிறார்கள். காரணம், இந்த முறை எதற்காகப் பிறந்தது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

1957-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாயிட் இதை எழுதியது தொலைபேசிச் சிக்னல்களுக்காக. ஏறி இறங்கும் குரல் அலையைச் சில குறிப்பிட்ட மதிப்புகளாகச் சுருக்கி அனுப்ப வேண்டும். பிழை குறைவாக இருக்கும்படி அந்த மதிப்புகளை எங்கே வைப்பது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. எத்தனை மதிப்புகள் என்பதை பிட்டுகளின் எண்ணிக்கையே சொல்லிவிடும். 8 பிட் என்றால் 256. அந்தக் கட்டுரை அச்சில் வந்தது 1982-இல்தான். அதற்குள், 1967-இல், ஜேம்ஸ் மக்வீன் கே-மீன்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார். ஆக, K என்பது ஆரம்பத்திலிருந்தே வெளியிலிருந்து கொடுக்கப்படும் எண். தரவுக்குள் இயற்கையாக எத்தனை கூட்டங்கள் இருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடிப்பது இந்த முறையின் வேலையாக இருந்ததே இல்லை.

அது செய்வது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் கூட்டத்து மையத்துக்கும் உள்ள தூரத்தை வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகையைக் குறைக்கப் பார்க்கிறது. முதலில் K மையங்களை எங்காவது வைக்கிறோம். ஒவ்வொரு புள்ளியும் தனக்கு அருகிலுள்ள மையத்தோடு சேர்கிறது. பிறகு ஒவ்வொரு மையமும் தன் புள்ளிகளின் சராசரிக்கு நகர்கிறது. யாரும் இடம் மாறாத வரை இதுவே திரும்பத் திரும்ப நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் தொகை குறையும் அல்லது அப்படியே நிற்கும், ஏறாது. அதனால் எங்காவது நின்றுதான் ஆக வேண்டும். நின்ற இடம் நல்ல இடமா என்பது வேறு கேள்வி.

காகிதத்தில் நான்கு புள்ளிகளை வைத்துப் பாருங்கள்: (0,0), (0,1), (4,0), (4,1). இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று கண்ணே சொல்லிவிடும். K இரண்டு. ஆனால் தொடக்க மையங்கள் (2,0), (2,1) என்று அமைந்துவிட்டால்? கீழ்ப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் கீழ் மையம் வரையிலான தூரத்தின் வர்க்கம் 4, மேல் மையம் வரை 5. கீழுள்ள இரண்டும் கீழ் மையத்தோடும், மேலுள்ள இரண்டும் மேல் மையத்தோடும் சேர்கின்றன. சராசரி எடுத்தால் மையங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வேலை முடிந்தது, தொகை 16. இட வலமாகப் பிரித்திருந்தால் அதே தொகை வெறும் 1. பிழைச் செய்தி எதுவும் வராது. பதினாறு மடங்கு மோசமான விடையோடு நிரல் அமைதியாக நின்றுவிடும்.

இதற்குத்தான் 2007-இல் ஆர்தரும் வாசில்விட்ஸ்கியும் கே-மீன்ஸ்++ என்ற தொடக்க முறையைக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே வைத்த மையங்களிலிருந்து தொலைவாக உள்ள புள்ளிக்கு அடுத்த மையமாகும் வாய்ப்பை அது கூட்டுகிறது. இருந்தாலும் அது குலுக்கல்தான், உறுதியில்லை. பல முறை ஓட்டி, தொகை மிகக் குறைவாக வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். scikit-learn நூலகத்தில் 1.4 பதிப்பிலிருந்து, நாம் எதுவும் சொல்லாவிட்டால் இந்தத் தொடக்கத்தோடு ஒரே முறைதான் ஓடுகிறது. நாமே கேட்டு வாங்க வேண்டும்:

```python
KMeans(n_clusters=2, n_init=10)
```

அதே நான்கு புள்ளிகளின் உயரத்தை மீட்டருக்குப் பதில் சென்டிமீட்டரில் எழுதுங்கள். 1 என்பது 100 ஆகிவிடும். இப்போது இட வலப் பிரிவின் தொகை 10,000. மேல் கீழ்ப் பிரிவின் தொகை அதே 16. சற்று முன் தப்பாக இருந்த விடை இப்போது சரியான விடை! தரவில் ஒன்றும் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. அலகுகள் வெவ்வேறாக இருந்தால் முதலில் எல்லா நெடுவரிசைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதன் காரணம் இதுதான். சென்னைக்கு 1, மதுரைக்கு 2, கோவைக்கு 3 என்று எண் கொடுத்து உள்ளே அனுப்புகிறவர்களும் உண்டு. சென்னைக்கும் கோவைக்கும் சராசரி மதுரை என்று அது கணக்குப் போடும்.

இனி K-க்கு வருவோம். K கூடக் கூட, சரியாகக் கணக்கிட்டால், தொகை குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மையம் வைத்தால் பூஜ்யம். ஆகவே குறைந்த தொகையைத் தேடுவதில் பொருளில்லை. குறையும் வேகம் எங்கே சட்டென மட்டுப்படுகிறது என்று பார்ப்பதே எல்போ முறை. ஃபிஷர் 1936-இல் வெளியிட்ட ஐரிஸ் பூத் தரவில் இதைச் சோதிக்கலாம். மூன்று இனங்கள், இனத்துக்கு 50 பூக்கள், பூவுக்கு நான்கு அளவுகள், எல்லாம் சென்டிமீட்டரில். K ஒன்றாக இருக்கும்போது தொகை சுமார் 681. இரண்டில் 152, மூன்றில் 79, நான்கில் 57. முழங்கை எங்கே? இரண்டு என்பவரும் சரி, மூன்று என்பவரும் சரி.

அடுத்து சில்ஹவுட். 1987-இல் பீட்டர் ரூசோ தந்த அளவு இது. ஒரு புள்ளிக்குத் தன் கூட்டத்தாரோடு உள்ள சராசரி தூரம் a, மிக அருகிலுள்ள அடுத்த கூட்டத்தாரோடு உள்ள சராசரி தூரம் b. மதிப்பெண் (b − a) / max(a, b). 1-ஐ நெருங்கினால் புள்ளி தன் வீட்டில் நன்றாக இருக்கிறது. பூஜ்யம் என்றால் எல்லையில் நிற்கிறது. அதற்குக் கீழே போனால் தவறான வீடு. ஐரிஸில் K இரண்டுக்குச் சராசரி 0.68, மூன்றுக்கு 0.55. சில்ஹவுட் இரண்டு என்கிறது, தாவரவியல் மூன்று என்கிறது. செட்டோசா இனம் தனியே விலகி நிற்க, வெர்சிகலரும் வெர்ஜினிகாவும் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன. நடுவே இடைவெளி இல்லை. இடைவெளியைத் தேடும் அளவுகோலுக்கு அது எப்படித் தெரியும்?

சரி, விடை தெரியும் என்று மூன்றையே கொடுத்தாலும் கே-மீன்ஸ் 50, 62, 38 என்று பிரிக்கிறது. 14 வெர்ஜினிகாக்கள் வெர்சிகலரின் கூட்டத்தில், 2 வெர்சிகலர்கள் வெர்ஜினிகாவின் கூட்டத்தில். இரண்டு மையங்களுக்கு நட்டநடுவே நேர்கோட்டில் எல்லை போடுவதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது. கூட்டங்கள் உருண்டையாக, ஏறத்தாழ ஒரே பருமனில் இருந்தால் அந்த எல்லை பொருந்தும். இந்த இரண்டு இனங்களோ நீண்டு சாய்ந்தவை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி நீள அகலச் சாய்வை அனுமதிக்கும் காஸியன் மிக்ஸ்சர் மாதிரி இதே தரவில் 5 பூக்களைத்தான் தவறாகச் சேர்க்கிறது. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாகப் புள்ளிகள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: K இரண்டுக்கு கே-மீன்ஸ் இரு வளையங்களையும் சேர்த்தே நடுவில் வெட்டும். அங்கே அடர்த்தியைப் பின்தொடரும் டிபிஸ்கேன் சரியாக வரும்.

தூரத்தை வர்க்கமாக்குவதால் விலகிய புள்ளிக்கு அளவுக்கு மீறிய செல்வாக்கும் உண்டு. 1, 2, 3, 11, 12, 13, 100 என்ற ஏழு எண்களில் K இரண்டு என்றால், மிகக் குறைந்த தொகை 100-ஐத் தனியே விட்டு மற்ற ஆறையும் ஒன்றாகக் கட்டும்போதுதான் வருகிறது. ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு உறுப்பினர் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆகவே K பற்றிக் கேட்டால், எல்போ, சில்ஹவுட் இரண்டையும் சொல்லுங்கள், அவை முரண்படலாம் என்பதையும் சொல்லுங்கள். பிறகு தேர்வாளரிடம் திருப்பிக் கேளுங்கள்: "இந்தப் பிரிவுகளை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" வாடிக்கையாளர்களுக்கு நான்கு விதமான சலுகைகளை நடத்தத்தான் ஆளும் பணமும் இருக்கிறது என்றால், சில்ஹவுட் ஏழைக் காட்டினாலும் K நான்குதான்.